தாயை இழந்த எகிப்திய நண்பருக்கு நான் எழுதிய அரபு இரங்கல் செய்தி

தோஹாவில் ஓர் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் ஆறு ஆண்டுகள் பணியாற்றிய எகிப்திய நண்பர், ஒரு வியாழக்கிழமை பிற்பகலில் தம் தாயார் இறந்த செய்தி கிடைத்ததும், யாரிடமும் அதிகம் பேசாமல் அன்றிரவே ஊருக்குப் புறப்பட்டுச் சென்றார். மற்ற நாட்களில் நாங்கள் இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். ஆனாலும் இந்த ஒரு செய்தி அவருடைய மொழியில் போய்ச் சேர வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பேச்சு அரபு ஓரளவு தெரியும், எழுத்துக்கூட்டிப் படிக்கவும் தெரியும் என்ற துணிச்சலில் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் எழுதியது 'அனா ஆஸிஃப் லி கஸாரதிக்' என்ற வரி. உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன் என்பது என் மனத்தில் இருந்த பொருள். அதற்குக் கீழே 'ரஹிமஹுல்லாஹ்' என்று சேர்த்தேன். அனுப்புவதற்கு முன், கணக்குப் பிரிவில் இருந்த மூத்த பாலஸ்தீன அம்மையாரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு படித்தார். முதல் வரியைப் பற்றி, 'கஸாரா' என்பது வியாபாரத்தில் நட்டம், பந்தாட்டத்தில் தோல்வி என்று வரும் சொல் என்றும், அரபியில் எவரும் துக்கம் விசாரிக்கும்போது இப்படித் தொடங்குவதில்லை என்றும் சொன்னார். இரண்டாம் வரியில் விரலை வைத்து, "இறந்தது தந்தையா, தாயா?" என்று கேட்டார். தாய் என்றேன். 'ரஹிமஹுல்லாஹ்' என்றால் இறைவன் அவன்மீது கருணை புரிவானாக என்று ஆணைக் குறிக்கும். பெண்ணுக்கு 'ரஹிமஹல்லாஹ்' என்று வர வேண்டும். பேச்சில் ஓர் உயிரொலிதான் வேறுபாடு; எழுத்தில் 'ஹா'வுக்குப் பின் ஓர் அலிஃப் கூடுதலாக நிற்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஓர் எழுத்து விடுபட்டால், தாயை இழந்தவர் கையில் வேறு யாருக்கோ எழுதிய இரங்கல் கிடைத்ததுபோல் ஆகிவிடும். அன்று எனக்குக் கைகள் சில்லிட்டுப் போயின.

அதன்பின் அவர் எதிரே உட்கார வைத்து, வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தார். எகிப்தியருக்கு எழுதுவதால் 'அல்-பகாஉ லில்லாஹ்' என்று தொடங்கச் சொன்னார். நிலைத்திருத்தல் இறைவனுக்கு மட்டுமே உரியது என்பது இதன் பொருள். நம் ஊர் முஸ்லிம்கள் மரணச் செய்தி கேட்டவுடன் சொல்லும் 'இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்' எனக்குச் சிறுவயது முதலே காதில் விழுந்த தொடர்தான். நாம் இறைவனுக்கு உரியவர்கள், அவனிடமே திரும்பிச் செல்பவர்கள் என்னும் அது குர்ஆன் வசனத்தின் பகுதி. நான் முஸ்லிம் அல்லாதவன் என்பதால், வசனத்தை விட 'அல்-பகாஉ லில்லாஹ்' என் வாயில் இயல்பாக இருக்கும் என்பது அம்மையாரின் கருத்து. எனக்கும் அதுவே சரியாகப் பட்டது.

முடிவில் அனுப்பிய செய்தி இதுதான்: 'அல்-அக் அல்-கரீம், அல்-பகாஉ லில்லாஹ். தலக்கைது பி பாலிகில் ஹுஸ்ன் நபஅ வஃபாதி வாலிததிகும். ரஹிமஹல்லாஹு ரஹ்மதன் வாஸிஆ, வ அஸ்கனஹா ஃபஸீஹ ஜன்னாதிஹி, வ அல்ஹமகுமுஸ் ஸப்ர வஸ் ஸுல்வான்.' மதிப்புக்குரிய சகோதரரே, நிலைத்திருத்தல் இறைவனுக்கே. தங்கள் தாயாரின் மறைவுச் செய்தியை மிகுந்த துயரத்துடன் அறிந்தேன். இறைவன் அவர்மீது விரிந்த கருணை பொழிந்து, தன் விசாலமான சொர்க்கத்தில் குடியமர்த்தி, உங்களுக்குப் பொறுமையும் ஆறுதலும் அருள்வானாக என்பது இதன் பொருள்.

இதில் இரண்டு இடங்களை மட்டும் விளக்க விரும்புகிறேன். 'வஃபாத்' என்பது நம் 'மறைவு' போன்ற சொல். 'மாதத்', அதாவது இறந்துவிட்டார் என்று நேரடியாக எழுதியிருந்தால் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் இரங்கல் கடிதத்தில் 'செத்துப்போன' என்று எழுதியதுபோல் காது கூசும். அடுத்தது, ஒருவருக்கே எழுதினாலும் 'உங்கள்' என்பதற்குப் பன்மையான 'கும்' விகுதியைப் போட்டது. அது மரியாதையும் தரும், குடும்பம் முழுவதையும் சேர்த்துக்கொள்ளும், எழுதப்படுபவர் ஆணா பெண்ணா என்பதால் 'க', 'கி' என்று விகுதி மாறும் தொல்லையையும் தீர்த்துவிடும். தந்தை இறந்திருந்தால் 'வாலிதிகும்', 'ரஹிமஹுல்லாஹு', 'அஸ்கனஹு' என்ற மூன்று மாற்றங்கள் போதும்.

மறுநாள் காலை அவரிடமிருந்து 'வ நிஃம பில்லாஹ். ஷகரல்லாஹு ஸஃயகும்' என்று பதில் வந்தது. முதல் பகுதி 'அல்-பகாஉ லில்லாஹ்' என்பதற்கே உரிய மறுமொழி; இறைவனே நமக்கு மேலான துணை என்று கொள்ளலாம். இரண்டாவது, நீங்கள் எடுத்துக்கொண்ட முயற்சியை இறைவன் ஏற்றுக்கொள்வானாக என்று துக்கம் விசாரித்தவருக்குச் சொல்வது. அதற்கு மேல் நான் எதுவும் எழுதவில்லை, எழுதவும் தேவையில்லை.

பத்து நாட்கள் கழித்து அவர் திரும்பியபோது, மற்ற எகிப்தியர்கள் அவரைத் தழுவிக்கொண்டு 'அல்-பஇய்யா ஃபி ஹயாதக்' என்றார்கள். இறந்தவருக்கு மிஞ்சியிருந்த ஆயுள் உன் வாழ்வில் சேரட்டும் என்பது பொருள். ஆயுள் விதிக்கப்பட்டது, மிச்சம் என்று ஒன்று கிடையாது என்பதால் மார்க்கப் பற்றுள்ளோர் சிலர் இதை ஏற்பதில்லை. ஆகவே நான் அதைத் தொடவில்லை. இன்னொருவர் 'ஷித் ஹேலக்' என்றார். நாம் 'மனசைத் திடப்படுத்திக்கோப்பா' என்போமே, அதேதான். நண்பர் 'அஷ்-ஷித்தா அலல்லாஹ்', திடம் தருபவன் இறைவன் என்றார். கத்தார்க்காரரான எங்கள் மேலாளர் மட்டும் வளைகுடா வழக்கப்படி 'அழ்ழமல்லாஹு அஜ்ரக்' என்றார். இத்துயரைப் பொறுத்ததற்கான நற்கூலியை இறைவன் பெருக்குவானாக என்பது அது. அதற்கு 'அஜ்ரனா வ அஜ்ரகும்', எங்கள் கூலியையும் உங்கள் கூலியையும் என்று மறுமொழி வந்தது. பின்னொரு முறை கிறித்தவரான லெபனான் தோழி ஒருவருக்கு எழுதியபோது, 'அல்லாஹ் யர்ஹம்ஹா' என்பது இரு சமயத்தாரும் சொல்வதுதான் என்று தெரிந்துகொண்டேன். அதனுடன் 'அர்-ரப் யுஅஸ்ஸீகும்', ஆண்டவர் உங்களைத் தேற்றுவாராக என்று சேர்த்தேன்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின் தஞ்சையில் என் தந்தை காலமானார். அதே எகிப்திய நண்பர் 'அல்-பகாஉ லில்லாஹ்' என்று எனக்கு எழுதினார். சடங்குகள் முடிந்த மாலையில், திண்ணையில் உட்கார்ந்து, 'வ நிஃம பில்லாஹ். லா அராகுமுல்லாஹு மக்ரூஹன் ஃபீ அஸீஸ்' என்று தட்டச்சு செய்தேன். உங்களுக்கு அருமையானவர் எவருக்கும் தீங்கு நேர்வதை இறைவன் உங்களுக்குக் காட்டாதிருப்பானாக என்று, துக்க வீட்டார் விசாரிக்க வந்தவருக்குச் சொல்லும் பதில் அது. அதையும் அந்த அம்மையார்தான் அன்றைக்கே என் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் தம் கைப்பட எழுதி வைத்திருந்தார்.