கேஸ் ஏற்றும் முன் பிரிட்ஜ் ஸ்டிக்கரைப் படிக்காததன் விலை

சித்திரை வெயிலில் எங்கள் பிரிட்ஜில் கூலிங் குறைய ஆரம்பித்தது. பாளையங்கோட்டையில் ஆறு வருடமாக ஓடும் 190 லிட்டர் ஒற்றைக் கதவு பிரிட்ஜ் அது, 2019-ல் வாங்கியது. பக்கத்துத் தெரு மெக்கானிக் தம்பி வந்தார், "கேஸ் போயிடுச்சுக்கா" என்றார். வண்டியில் இருந்த சிலிண்டரை எடுத்து ஏற்றினார், 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அவர் அழுத்தம் காட்டும் கேஜ் முள்ளைப் பார்த்தார், பற்றவைக்கும் டார்ச்சைப் பார்த்தார். பிரிட்ஜுக்குப் பின்னால் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை மட்டும் பார்க்கவே இல்லை.

மறுநாளே கம்ப்ரசர் தொட முடியாத சூடு. சில நிமிடம் ஓடும், 'டக்' என்று நிற்கும், ஆறியதும் மறுபடி முனகும். போன் செய்தால், "வோல்டேஜ் கம்மியா இருக்கும்க்கா, ஸ்டெபிலைசர் போடுங்க" என்று பதில். ஸ்டெபிலைசர் ஏற்கெனவே இருக்கிறது என்று சொன்ன பிறகு போனையே எடுக்கவில்லை.

அடுத்து, பல வருடமாக இந்த வேலையே பார்க்கும் ஒரு அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். வருவதற்கு முன்பே, "பிரிட்ஜ் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்புங்கம்மா" என்றார். கதவில் இருக்கும் நட்சத்திர லேபிளை அனுப்பினேன். "அதுல மாடலும் லிட்டரும் வருசத்துக்கு எத்தனை யூனிட்டுங்கறதும்தான் இருக்கும். என்ன கேஸ், எத்தனை கிராம், எத்தனை ஆம்பியர், அதெல்லாம் வேற ஸ்டிக்கர்ல இருக்கும்" என்றார். சில பிரிட்ஜில் அது காய்கறி டிரேக்குப் பின்னால் உள்சுவரில் இருக்குமாம். எங்களுடையதில் பின்பக்கம், கம்ப்ரசருக்கு மேலே இருந்தது. பல்லி எச்சமும் ஒட்டடையுமாக ஒரு எழுத்து தெரியவில்லை. ஈரத்துணியால் லேசாகத் துடைத்தால் போதும். தின்னர், பெட்ரோல் எதுவும் வேண்டாம், அச்சே அழிந்துவிடும். போட்டோ எடுக்கும்போது பிளாஷை நிறுத்திவிட்டு, இன்னொரு போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்து பளிச்சென்று விழுகிறது.

ஸ்டிக்கரில் எங்களுக்கு வேண்டியது நாலே வரிதான்: மாடல், 190 லிட்டர், ஆர்600ஏ 32 கிராம், 0.8 ஆம்பியர். போட்டோவைப் பார்த்ததும் அண்ணாச்சி போனிலேயே கேட்ட முதல் கேள்வி, "வந்தவரு எந்த சிலிண்டர்ல இருந்து ஏத்துனாரு?" தம்பி கொண்டுவந்த நீலச் சிலிண்டரில் 134 என்று போட்டிருந்தது எனக்கு நினைவிருந்தது. சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "பிளக்கைப் பிடுங்கி வைங்க, வாறேன்" என்றார்.

வந்ததும் எனக்கு விளக்கியதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இதில்தான் என் காசு போனது. ஆர்134ஏ சாதாரண காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கிறது. ஆர்600ஏ என்கிற ஐசோபியூட்டேன் மைனஸ் 12 டிகிரியில்தான் கொதிக்கிறது, அதனால் பிரிட்ஜ் ஓடும்போது கம்ப்ரசர் கேஸை உறிஞ்சும் சக்ஷன் பக்கத்தில் அழுத்தம் வெளிக் காற்றழுத்தத்துக்கும் கீழே போய்விடும். கேஜ் முள் பூஜ்யத்துக்குக் கீழே நிற்பதுதான் அங்கே சரியான நிலை. இது தெரியாதவர் முள்ளைப் பார்த்து, "கேஸ் பத்தல" என்று நினைத்து, பத்து பிஎஸ்ஐ வரும் வரை ஏற்றிக்கொண்டே இருப்பார். எங்கள் வீட்டில் நடந்தது அதுவேதான். ஏற்றியதோ வேறு கேஸ்.

அந்தக் கம்ப்ரசர் 600-க்காகச் செய்தது. அந்த கேஸ் லேசானது என்பதால், அதே கூலிங் கொடுக்க ஒரு சுற்றுக்கு அதிக அளவு உறிஞ்சும்படி உருளையைப் பெரிதாக வைத்திருப்பார்கள். அதில் அடர்த்தியான 134-ஐ நிரப்பினால் மோட்டார் தாங்காது. போதாக்குறைக்கு 600 கம்ப்ரசரில் இருக்கும் மினரல் ஆயில் 134-ஓடு கலக்காது. குழாயில் போன ஆயில் ஒழுங்காகத் திரும்பி வராமல் கம்ப்ரசர் வறண்டு ஓடும்.

ஐசோபியூட்டேன் தீப்பிடிக்கும் கேஸ் என்பதும் அந்த ஸ்டிக்கரிலேயே இருக்கிறது, நெருப்புப் படம் போட்ட மஞ்சள் முக்கோணமாக. உள்ளே மிச்சக் கேஸ் இருக்கிறதா என்று பாராமல் அந்தத் தம்பி சமையலறைக்குள் டார்ச் பற்றவைத்திருக்கிறார். கேஸ் ஏற்கெனவே கசிந்து போயிருந்தது எங்கள் அதிர்ஷ்டம். 600 என்று எழுதியிருந்தால் ஜன்னலைத் திறந்து வைத்து, குழாயைக் கட்டரால் வெட்டி, மிச்சத்தை வெளியேற்றிய பிறகுதான் நெருப்பே. வருகிறவர் அப்படிச் செய்யாவிட்டால் வீட்டுக்காரரே நிறுத்தலாம், தப்பில்லை.

பிறகு ஆம்பியர். அண்ணாச்சியின் பையில் ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் வயர் இருந்தது. அதன் மேலுறையை நீக்கி, பேஸ் வயரை மட்டும் பிரித்து, பத்து சுற்றாகச் சுற்றி வைத்திருந்தார். கிளாம்ப் மீட்டரை முழு வயர்மேல் போட்டால் போகிற கரண்டும் வருகிற கரண்டும் ஒன்றையொன்று அழித்துப் பூஜ்யம்தான் காட்டும். ஒற்றை வயரில் போட்டாலும் பிரிட்ஜின் அரை ஆம்பியருக்கு மீட்டர் தடுமாறும். பத்து சுற்றைக் கிளாம்புக்குள் விட்டால் பத்து மடங்காகக் காட்டும், பத்தால் வகுத்துக்கொள்ளலாம். பிரிட்ஜை அதில் செருகி ஓடவிட்டார். மீட்டரில் 12 நின்றது. அதாவது 1.2 ஆம்பியர். ஸ்டிக்கரோ 0.8 என்கிறது. சிறிது நேரத்தில், சூடு ஏறினால் கம்ப்ரசரை நிறுத்தும் ஓவர்லோடு 'டக்'.

இங்கே ஒன்று கவனிக்கணும். ஸ்டிக்கரில் இருக்கும் ஆம்பியர் உச்ச அளவு. நல்ல நிலையில் ஓடும் பிரிட்ஜ் அதைவிடக் குறைவாகத்தான் எடுக்கும், புறப்படும் அந்த ஒரு நொடி மட்டும் பல மடங்கு எடுக்கும். அதனால் மீட்டரை வைத்தவுடன் வரும் எண்ணை விட்டுவிட்டு, நின்று ஓடும் எண்ணைப் பார்க்கணும். ஸ்டிக்கரைவிட மேலே போனால் கம்ப்ரசர் இறுகுகிறது, அல்லது கேஸ் அதிகம், அல்லது வோல்டேஜ் கோளாறு. ரொம்பக் கீழே, 0.3 மாதிரி வந்தால் கேஸ் இல்லை, அல்லது கம்ப்ரசர் சும்மா சுற்றுகிறது, தள்ளவில்லை. முதல் நாளே அந்தத் தம்பி இதைச் செய்திருந்தால் ஐந்து நிமிட வேலை. இரட்டைக் கதவு பிராஸ்ட் ஃப்ரீக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அதில் டிஃப்ராஸ்ட் ஹீட்டர் தனியாகக் கரண்ட் எடுக்கும், ஸ்டிக்கரில் அதன் வாட்ஸைத் தனி வரியாகப் போட்டிருப்பார்கள்.

தவறான கேஸை அண்ணாச்சி காலிச் சிலிண்டருக்குள் இழுத்தார். கம்ப்ரசர் கேஸைத் தள்ளும் டிஸ்சார்ஜ் குழாயைக் கட்டைவிரலால் அடைத்துக் கம்ப்ரசரை ஓட்டிப் பார்த்தார். விரலைத் தள்ளவில்லை. வால்வு போய்விட்டது.

வயிற்றெரிச்சலின் உச்சம் இதற்குப் பிறகுதான். கம்ப்ரசருக்குப் பத்து வருட வாரண்டி இருந்தது. கம்பெனி உதவி எண்ணுக்கு அழைத்தேன். மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் ஸ்டிக்கரிலிருந்து வாசிக்கச் சொன்னார்கள். 8-ஐ பி என்றும் பி-யை 8 என்றும் மாற்றி மாற்றி எழுதி, அப்படி ஒரு பிரிட்ஜே இல்லை என்றார்கள். (எண்ணை வாயால் சொல்லாதீர்கள், போட்டோ அனுப்ப வழி கேளுங்கள்.) கடைசியில் சீரியலை வைத்துத் தயாரித்த மாதம் வரை கண்டுபிடித்தார்கள், வாரண்டி இருக்கிறது என்று உறுதியும் சொன்னார்கள். ஆள் வந்தார், வெட்டி ஒட்டிய குழாயைப் பார்த்தார், "வெளியாள் கை வெச்சிருக்காங்க மேடம், வேற கேஸ் போட்டிருக்கு. வாரண்டி வராது" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். வாரண்டி இருப்பவர்கள் வெளி மெக்கானிக்கைக் குழாயில் கத்தி வைக்க விடாதீர்கள், அவ்வளவுதான்.

சரி, புதுசு வாங்கலாம் என்று ஜங்ஷன் பக்கம் உதிரிபாகக் கடைக்குப் போனால், "எத்தனை லிட்டர்?" என்று ஒரே கேள்வி. 190 என்றதும் ஒரு கம்ப்ரசரை மேஜைமேல் வைத்துவிட்டார். அதன் ஸ்டிக்கரை நானே குனிந்து படித்தேன்: ஆர்134ஏ. "190 லிட்டருக்கு இதுதாம்மா எல்லாரும் போடுறது" என்கிறார். லிட்டரை வைத்து எந்த அளவுக் கம்ப்ரசர் என்று குத்துமதிப்பாகச் சொல்லலாம், அதுவும் ஒரே கேஸுக்குள்தான். போட்டோவைக் காட்டிய பிறகும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை, அடுத்த கடைக்கு நடந்தேன். அங்கே மாடல் எண்ணின் கடைசி எழுத்துகளைப் பார்த்து, "இது சாதாரண மாடல், இன்வெர்ட்டர் இல்ல" என்று சொல்லி 600 கம்ப்ரசர் எடுத்துக் கொடுத்தார்கள். இதே 190 லிட்டரில், இதே பெயரில், இன்வெர்ட்டர் கம்ப்ரசர் போட்ட பிரிட்ஜும் விற்கிறார்கள். அதற்கு ரிலே கிடையாது, தனி போர்டு உண்டு. ஒன்றை மற்றொன்றில் மாட்ட முடியாது. வித்தியாசம் தெரிவது அந்தக் கடைசி எழுத்துகளில்தான்.

மாட்டும் வேலை சிக்கலில்லாமல் முடிந்தது. முதலில் நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை தடவியதில் சக்ஷன் குழாய் இணைப்பில் முட்டை முட்டையாகக் குமிழி வந்தது. அந்தப் பக்கம் ஓட்டை இருந்தால், ஓடும்போது கேஸ் வெளியே போவதைவிடக் காற்றும் ஈரமும் உள்ளே வருவதுதான் அதிகம் என்பதால், அடைத்ததும் ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரையும் மாற்றி, பம்ப் வைத்து நெடுநேரம் வேக்கம் எடுத்தார்.

கேஸ் ஏற்றியதுதான் எனக்குப் பிடித்த கட்டம். கேஜைப் பார்க்கவே இல்லை. நகைக்கடை தராசு மாதிரி ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசில் ஆர்600ஏ டப்பாவை வைத்தார். வால்வைத் துளித்துளியாகத் திறந்தார். டப்பாவின் எடை சரியாக 32 கிராம் குறைந்ததும் மூடினார். 134 ஓடும் இதே அளவு பிரிட்ஜுக்கு இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் தேவைப்படும். 600-ல் ஐந்து கிராம் கூடினாலும் குறைந்தாலும் கூலிங் தப்பிவிடும் என்றார். "இவ்வளவுதானா கேஸ்?" என்று கேட்டேன். ஸ்டிக்கரை விரலால் தட்டிக் காட்டினார்.

ஓடவிட்டு அரை மணி கழித்துப் பத்து சுற்று வயரில் மீட்டர் 5.5 காட்டியது, அதாவது 0.55 ஆம்பியர். ராத்திரி ஃப்ரீசரில் தண்ணீர் உறைந்தது. அண்ணாச்சி கிளம்புவதற்கு முன் புதுக் கம்ப்ரசர்மேல் மார்க்கரால் '600 / 32 கிராம்' என்று எழுதி, அன்றைய தேதியையும் போட்டார். முதலில் வந்த தம்பியிடம் 1,800-ஐத் திருப்பிக் கேட்டிருக்கிறேன். "பார்க்கலாம்க்கா" என்றிருக்கிறார்.