பையன் கேட்டால் ஓசூரில் மணி அடிக்கும்: ப்ளே ஸ்டோர் ஃபேமிலி குரூப்

பாலக்கோட்டில் அம்மாவோடு பத்து வயதுப் பையன், ஓசூரில் ஷிப்ட் வேலையில் அப்பா. இப்படி ஒரு வீட்டுக்கு, பையன் எதை வாங்கப் போனாலும் பெற்றோரிடம் அனுமதி கேட்கும்படி ஆண்ட்ராய்டில் ஃபேமிலி குரூப் அமைத்த விவரம் இது.

முதலில் குரூப்பை யார் பெயரில் தொடங்குவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். தொடங்குபவர் சேர்க்கும் கார்டுதான் குடும்பக் கார்டு. அதில் யார் வாங்கினாலும் பணம் அவரிடமிருந்துதான் போகும். அவரையும் சேர்த்து ஆறு பேர் இருக்கலாம். ஒரு குரூப்பை விட்டு வேறு குரூப்பில் சேர்வது 12 மாதத்தில் ஒரு முறைதான் முடியும் என்பதால் அவசரமாகத் தொடங்கிவிட்டுப் பிறகு மாற்றுவது சிரமம்.

இங்கே அப்பாதான் தொடங்கினார். பையனுக்கு உண்மையான பிறந்த தேதியோடு தனி கூகுள் கணக்கு. பிறகு அப்பாவின் ப்ளே ஸ்டோரில் அவரது கணக்குப் படத்தைத் தொட்டு Settings, Family, Manage family members என்று போய், பையன் பெயரில் Purchase approvals திறந்து All content வைத்தோம். Only in-app purchases வைத்தால் புது ஆப் கேட்காமலே இறங்கிவிடும்.

பையன் ஒன்றை வாங்கப் போனால் இரண்டு வழி காட்டும். ஒன்று, பெற்றோர் பக்கத்தில் இருந்து பையன் போனிலேயே தங்கள் பாஸ்வேர்டை அடிப்பது. அதைப் பையன் பார்த்துவிட்டால் பூட்டைப் பூட்டிச் சாவியை அதிலேயே விட்ட மாதிரிதான். இன்னொன்று, கோரிக்கை அனுப்புவது. அது ஓசூரில் இருக்கும் போனுக்கு வரும். அப்பா வேலையில் இருந்தால் உடனே பார்க்க முடியாது. அதனால் குரூப்பில் அம்மாவுக்கும் பெற்றோர் பொறுப்பு கொடுத்துவிட்டோம், அவரும் ஓகே சொல்லலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் பணம் போகிறது என்றால், பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: இந்த அனுமதி போனுக்கு அல்ல, கணக்குக்கு. சாயங்காலம் அம்மாவின் போனை வாங்கி விளையாடினால் அங்கே இருப்பது அம்மாவின் கணக்கு. காயின் வாங்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். அனுமதி கேட்காமல் நேரே பணம் கட்டும் பக்கம் வந்தால் அது பெரியவர் கணக்கு. அந்த போனின் ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் சரிபார்க்கும்படி வைத்துவிடுங்கள். விரல் ரேகையை நம்புவதானால், பையன் விரலும் அதில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் பதிவாகியிருக்கும்!

ஏற்கெனவே வாங்கியதைத் திரும்ப இறக்குவதற்கும், அப்டேட்டுக்கும், குடும்ப நூலகத்தில் பகிர்ந்ததற்கும், ப்ரோமோ கோடுக்கும் அனுமதி கேட்காது. கேமுக்குள் வாங்கும் காயின், ஸ்கின் எதையும் குடும்பத்தில் பகிரவும் முடியாது. அண்ணன் வாங்கியது தம்பிக்கு வராது.

மாதச் சந்தாவில் மட்டும் நிதானம் தேவை. ஒரு முறை ஓகே சொன்னால் மாதாமாதம் பிடிப்பார்கள். ஆப்பை அழித்தாலும் சந்தா நிற்காது; பையன் கணக்கில் Payments & subscriptions போய் ரத்து செய்ய வேண்டும்.