கல்வி விளையாட்டு புராஜெக்ட்: கைடுக்கு எழுதும் முதல் மெயில்

இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு "குழந்தைகளுக்கான எஜுகேஷனல் கேம்" செய்கிறோம் என்று மெயில் போடும் டீம்கள் எல்லா பேட்ச்சிலும் உண்டு. பெரும்பாலான மெயில்களில் படிப்பது ஜாலியாக இருக்கும், நல்ல கிராஃபிக்ஸ் இருக்கும், லீடர்போர்டு இருக்கும் என்றுதான் எழுதியிருக்கும். எங்கள் கைடு இவற்றுக்கெல்லாம் ஒரே கேள்வியைத்தான் திருப்பி அனுப்புவார்: "விளையாட்டை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன, க்விஸ்தானே?" சரியான விடை எழுதிய பலூனைச் சுடுவது வெறும் க்விஸ்தான். சுடுவதற்கும் கணக்குக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

ஆகவே மெயிலை எஞ்சினிலிருந்தோ கதையிலிருந்தோ தொடங்காமல், பிள்ளைகள் செய்யும் ஒரு குறிப்பிட்ட தவறிலிருந்து தொடங்குங்கள். நாங்கள் எடுத்தது பின்னம். 1/3 பெரிதா, 1/4 பெரிதா என்று கேட்டால் ஆறாம் வகுப்பில் நிறையப் பேர் 1/4 என்பார்கள். 3ஐ விட 4 பெரிதாயிற்றே! முழு எண் பழக்கத்தைப் பின்னத்துக்கும் கொண்டுவருவதால் வருகிற பிழை இது. கணிதக் கல்வி ஆய்வுகளில் நன்கு அறியப்பட்டதும்கூட. அதனால் படிப்பதற்குக் கட்டுரைகள் தாராளமாகக் கிடைக்கும்.

மெயில் ஆங்கிலத்தில்தான் போகும். அதன் நடுப்பகுதி தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"மேடம், ஆற்றின் குறுக்கே ஒரு பாலம்; நடுவில் 5/6 மீட்டர் இடைவெளி. ஆட்டக்காரரிடம் 1/2, 1/3, 1/4, 1/6 மீட்டர் பலகைகள் இருக்கும். பலகையின் மேல் எண் மட்டும் தெரியும். வைத்த பிறகுதான் நீளம் தெரியும். 1/2 வைத்துவிட்டு, 1/3ஐ விட 1/4 நீளம் என்று நினைத்து அதை எடுத்தால் பாலம் 1/12 மீட்டர் குறையும். 'தவறு' என்று நாங்கள் எதையும் காட்டமாட்டோம். குறைந்த இடத்தைப் பார்த்து அவரே பலகையை மாற்றவேண்டும்."

இந்தப் பத்திக்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். பலகையை வைக்கிற செயலே பின்னத்தை ஒப்பிடுகிற செயலாக இருப்பதால், க்விஸ் என்று யாரும் தள்ளமுடியாது. இதை பேப்பரில் வரைந்து போட்டோ எடுத்து ஒரு பக்கமாக இணைத்துவிடுங்கள்.

அடுத்து, கற்றார்களா என்று எப்படித் தெரியும்? "ஃபீட்பேக் ஃபார்ம் வாங்குவோம்" என்று எழுதினால் ஜீரோத் ரிவ்யூவிலேயே மாட்டுவீர்கள். பிடித்திருந்தது என்பதும் புரிந்தது என்பதும் வேறு. விளையாடுவதற்கு முன்னும் பின்னும் ஒரு சின்ன எழுத்துத் தேர்வு வைப்போம் என்று எழுதுங்கள். ஆனால் கேள்வி தேர்வதில் கவனம் வேண்டும். 2/7, 5/7 எது பெரிது என்றால் தவறாக யோசிக்கிற பிள்ளையும் சரியாகத்தான் சொல்லும். 5 பெரிய எண் அல்லவா. 1/3, 1/4 மாதிரிக் கேள்விகளில்தான் பிழை வெளியே வரும். இரண்டு வகையும் வைத்து மதிப்பெண்ணைத் தனித்தனியாகக் கூட்டுவோம் என்று ஒரு வரி சேர்த்தால், விஷயம் தெரிந்து எழுதியிருக்கிறார்கள் என்று கைடுக்குப் புரிந்துவிடும். அதே வகுப்பின் இன்னொரு பிரிவு விளையாட்டுக்குப் பதில் அதே நேரம் ஒர்க்ஷீட் செய்யட்டும். இல்லையென்றால் முன்னேற்றம் விளையாட்டால் வந்ததா, சும்மா கூடுதலாகப் பயிற்சி செய்ததால் வந்ததா என்று சொல்லமுடியாது. இரண்டு பிரிவை வைத்துப் பெரிய முடிவுக்கும் வரமுடியாது. "கணித மதிப்பெண் உயரும்" என்றெல்லாம் வாக்குக் கொடுக்காதீர்கள்.

தொழில்நுட்பத்துக்கு மூன்று வரி போதும். Godot 4 கேம் எஞ்சின், பிரவுசரிலேயே ஓடும் பதிப்பு, பெயர் சேகரிக்காமல் எந்தப் பலகை எடுத்தார்கள் என்ற பதிவு மட்டும். தமிழில் செய்வதாக இருந்தால் எழுத்து ஒழுங்காக வருகிறதா என்று முதல் நாளே பாருங்கள். பழைய Godot 3இல் 'கொ' போன்ற எழுத்துகளின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்; 4இல் அந்தத் தொல்லை இல்லை. செய்யாதவற்றையும் எழுதுங்கள்: மல்டிபிளேயர் இல்லை, லாகின் இல்லை, பின்னத்தை ஒப்பிடுவதும் கூட்டுவதும் தாண்டி வேறு பாடம் இல்லை. மூன்று பேர் டீமுக்கு ஒரே ஆட்டமுறையும் பன்னிரண்டு லெவலும் தாராளம்.

பள்ளி அனுமதிதான் பலரையும் கவிழ்ப்பது. தலைமையாசிரியருக்குத் துறைத் தலைவர் கையெழுத்தோடு கடிதம் வேண்டும், பெற்றோர் சம்மதமும் வேண்டும். மார்ச்சில் பொதுத்தேர்வு வந்துவிட்டால் பள்ளியில் உங்களுக்கு இடம் கிடைப்பது கஷ்டம். அதனால் பிப்ரவரிக்குள் பிள்ளைகளிடம் விளையாட்டைக் கொடுத்துவிட வேண்டும் என்று தேதியோடு எழுதுங்கள்.

மெயிலின் சப்ஜெக்ட்டில் துறை, பேட்ச் எண், "பின்னம் ஒப்பிடும் விளையாட்டு: புராஜெக்ட் முன்மொழிவு" என்று இருக்கட்டும். கடைசி வரியில், "இந்த வாரம் பதினைந்து நிமிடம் நேரில் பார்க்கலாமா மேடம்? பேப்பர் பலகைகளைக் கொண்டுவருகிறோம்" என்று கேளுங்கள். "தங்கள் மேலான கருத்தை எதிர்பார்க்கிறோம்" என்று முடித்தால் பதில் வருவது சந்தேகம்தான். அப்புறம், டீமில் ஒருவர் மட்டும் அனுப்பி மற்றவர்களை சிசியில் போடுங்கள். மூன்று பேரும் தனித்தனியாக அனுப்பினால் மேடத்துக்குக் கோபம்தான் வரும்.