தங்கம் விலையை ஷெட்யூலில் போடுவதில்லை

ஒரு நகைக்கடையின் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வேலைக்குச் சேர்ந்ததும் முதலாளி கேட்டது: "தம்பி, தினமும் காலையில ரேட்டு தானா போற மாதிரி ஏதாவது இருக்கா?" இருக்கிறது. ஆனால் வேண்டாம் என்றேன். சென்னையில் காலை விலை வந்த பிறகு, சில நாட்களில் மதியமும் விலை மாறிவிடும் என்பது அவருக்கே தெரியும். அதனால் அதிகம் வாதாட வேண்டியிருக்கவில்லை.

அது சரியென்று 2024 ஜூலை 23 அன்று தெரிந்தது. மத்திய பட்ஜெட்டில் தங்கத்தின் இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தார்கள். அன்று ஒரே நாளில் சவரனுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் இறங்கியது. மாலை ஆறு மணிக்கு காலை விலையோடு ஒரு பதிவு தானாகப் போயிருந்தால், கடையில் சேல்ஸ் பையன்கள்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் போட்ட படத்தை மாற்றவும் முடியாது. கீழே எழுதியதை மட்டும் திருத்தலாம், படம் தப்பென்றால் அழித்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். இதனால் விலையைப் பதிவாகவே போடுவதில்லை. 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் ஸ்டோரியில், "காலை 9.40 நிலவரம்" என்று படத்திலேயே எழுதிக் கையால் போடுகிறேன். மதியம் விலை மாறினால் பழைய ஸ்டோரியை எடுத்துவிட்டு அடுத்தது.

எழுதும் நேரத்துக்கும் வெளியாகும் நேரத்துக்கும் நடுவில் பொய்யாகிவிடக்கூடியது எதுவோ, அதைத் தானாகப் போகும் பதிவுகளின் வரிசையில் வைப்பதில்லை. புது டிசைன் படங்கள், ஹால்மார்க்கில் இருக்கும் ஆறு எழுத்து ஹெச்யுஐடி எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் எப்படிப் பார்ப்பது என்ற விளக்கம், கடை நேரம், வெள்ளிக் கொலுசைக் கறுக்காமல் வைப்பது எப்படி, இதெல்லாம் அடுத்த வாரமும் உண்மைதான். தாராளமாக ஷெட்யூல் செய்யலாம்.

ஷெட்யூல் செய்யும் கருவி என்று பார்த்தால், இரண்டே பக்கங்களுக்கு மெட்டா பிசினஸ் சூட் போதும், காசும் இல்லை. கட்டணக் கருவிகளுக்கு மாறலாமா என்று பார்த்தபோது இரண்டு சங்கடங்கள். வெளிக் கருவி வழியாகப் போகும் ரீல்ஸில் இன்ஸ்டாகிராமுக்குள் இருக்கும் பாட்டைச் சேர்க்க முடியாது. பாட்டு வேண்டுமென்றால் போனில் நினைவூட்டல் வாங்கிக் கையால்தான் போட வேண்டும், அப்புறம் கருவி எதற்கு? இன்னொன்று, முதலாளி ஃபேஸ்புக் பாஸ்வேர்டை மாற்றினால் கருவியின் இணைப்பு அறுந்துபோகும். பதிவு போகவில்லை என்ற மின்னஞ்சல் வரும், அதை யாராவது திறந்து பார்த்தால்தான் உண்டு.

ஆனால் பஃபர் மாதிரிக் கருவிகளில் வரிசையை மொத்தமாக நிறுத்திவைக்கும் வசதி இருக்கிறது. பிசினஸ் சூட்டில் அப்படி ஒரு பொத்தானை நான் கண்டதில்லை, ஒவ்வொரு பதிவாகத் திறந்து தேதியை மாற்ற வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இதை யோசிக்க வேண்டியிருந்தது. 4ஆம் தேதி சென்னையில் கரண்டும் நெட்டும் போன வீடுகளில் என் வீடும் ஒன்று. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர் போனில் "மழைக்காலக் கல்யாண கலெக்‌ஷன்" வந்து நின்றால் என்ன ஆகும்? ஞாயிறு மாலையே, விடுமுறை அறிவிப்பு வந்த கையோடு, திங்கள் பதிவுகளைத் தள்ளிவைத்துவிட்டோம். அதன்பின் இரண்டு பழக்கங்கள் வந்தன. ஒரு வாரத்துக்கு மேல் எதையும் வரிசையில் வைப்பதில்லை. சென்னைக்கு வெளியே, கோயம்புத்தூரில் இருக்கும் சக ஊழியர் ஒருவருக்கும் பக்கத்தைக் கையாளும் அனுமதி உண்டு. நிறுத்திய பதிவுகளைத் திரும்ப ஓடவிடும்போது தேதியை ஒவ்வொன்றாகப் படித்தே ஆக வேண்டும். "நாளை கடைசி நாள்" என்ற சலுகைப் படம் சலுகை முடிந்த பிறகு போவது இப்படித்தான்.

கமெண்டுக்குத் தானியங்கிப் பதில் வேறு கதை. "கடை எங்கே, எத்தனை மணி வரை?" என்று இன்பாக்ஸில் கேட்பவருக்கு இயந்திரம் பதில் சொல்லட்டும். எனக்குப் பயம் நகைச்சீட்டுக் கேள்விகள்தான். "சீட்டு முடிஞ்சு ஒரு மாசமாச்சு, நகை எடுக்க வந்தா நாளைக்கு வாங்கன்றாங்க" என்று ஒருவர் எழுதுகிறார். அதன் கீழே கைகூப்பும் படத்தோடு "உங்கள் அன்புக்கு நன்றி" என்று விழுந்தால், சீட்டுப் பணத்தோடு கடையை மூடிப் போனவர்களைப் பார்த்த ஊர் அதை நன்றியாகவா படிக்கும்? பத்துப் பேர் தங்கள் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிடுவார்கள். அந்த மாதிரிக் கமெண்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சீட்டுக் கணக்கு பார்க்கும் அக்காவுக்கு அனுப்புவேன். அவர் கணக்கைப் பார்த்துவிட்டு வாடிக்கையாளருக்கே போன் செய்வார். பேசி முடிந்ததாக அவர் சொன்ன பிறகுதான் நான் கமெண்டில் எழுதுவேன், வாடிக்கையாளர் பெயரைச் சொல்லி, எந்தக் கிழமை வரலாம் என்பதோடு.