கில்லர் சுடோகு: மேல் மூன்று நிரைகளை 45 வைத்து உடைத்தது

சாதாரண சுடோகுவில் தொடங்குவதற்குச் சில எண்களாவது தந்திருப்பார்கள். கில்லர் சுடோகுவில் பெரும்பாலும் ஒரு எண்ணும் இல்லை. கட்டங்களைப் புள்ளிக்கோட்டால் கூடுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டின் மூலையிலும் அதன் கூட்டுத்தொகையைச் சின்னதாக எழுதியிருப்பார்கள். ஒரு கூட்டுக்குள் ஒரே இலக்கம் இரண்டு முறை வராது. மற்றபடி விதி பழையதுதான். நிரை, நிரல், 3×3 பெட்டி ஒவ்வொன்றிலும் 1 முதல் 9 வரை ஒருதரம் வரும், ஆகவே ஒவ்வொன்றின் கூட்டுத்தொகையும் 45.

போனில் செய்வதைவிடக் கொப்பியில் செய்வது நல்லது, ஓரத்தில் கூட்டல் எழுத இடம் வேண்டும். யாழ்ப்பாணத்துக் கடைகளில் பிள்ளைகளின் கணக்குக்கு வாங்குகிற சதுரக் கொப்பி காணும். ஆனால் ஒரு சதுரத்தை ஒரு கட்டமாக எடுத்தால் சாத்திய இலக்கங்கள் எழுத இடம் வராது, நான்கு சதுரத்தைச் சேர்த்து ஒரு கட்டமாக்க வேண்டும். புதிரைப் பார்த்து எழுதி முடித்ததும் எல்லாக் கூட்டுத்தொகைகளையும் கூட்டுங்கள். 9×45, அதாவது 405 வராவிட்டால் எங்கேயோ எண் பிழைத்திருக்கிறது. அந்தக் கூட்டலைச் சோலி என்று விட்டால், பாதிப் புதிர் தாண்டித்தான் முரண்பாடு தெரியவரும்.

இனி ஒரு புதிரின் மேல் மூன்று நிரைகள். 3-1 என்றால் நிரை 3, நிரல் 1 என்று வாசியுங்கள்.

முதல் பெட்டியில் 1-1, 2-1 சேர்ந்த கூடு 10. 1-2, 1-3 சேர்ந்தது 7. 2-2, 3-2 சேர்ந்தது 12. 2-3, 3-3 சேர்ந்ததும் 12. மிச்சம் 3-1. அது பெட்டிக்கு வெளியே கீழிருக்கும் 4-1 உடன் சேர்ந்து 7.

பலர் இங்கே முதலில் சோடிகளை எழுதத் தொடங்குகிறார்கள். பத்துக்கு நான்கு சோடி, பன்னிரண்டுக்கு மூன்று சோடி என்று கட்டங்கள் நிரம்பிவிடும், ஒன்றும் நகராது. முதலில் 45 பார்க்க வேண்டும். முழுதாகப் பெட்டிக்குள் இருக்கும் நான்கு கூடுகளின் தொகை

10 + 7 + 12 + 12 = 41

ஆகவே உள்ளே மிஞ்சிய 3-1 என்பது 4. அதன் கூடு 7 என்பதால் 4-1 என்பது 3. மறுபக்கத்தாலும் சரிபார்க்கலாம். ஐந்து கூடுகளையும் சேர்த்தால் 48, அதில் 45 போக வெளியே நீண்டிருக்கும் கட்டத்துக்கு 3. இரண்டு வழியிலும் வருபவை கூட்டி 7 ஆகாவிட்டால் கூட்டல் பிழை.

இப்போதுதான் சோடிகளுக்கு நேரம். பெட்டியில் 4 முடிந்ததால் 12க்கு 4+8 இல்லை, 3+9 அல்லது 5+7. இரண்டு 12 கூடுகளும் ஒரே பெட்டியில் இருப்பதால் ஒன்று 3+9 என்றால் மற்றது 5+7. எது எது என்று தெரியாமலே 3, 5, 7, 9 நான்கும் அந்த நான்கு கட்டங்களுக்குள் பூட்டப்பட்டுவிட்டன. பிறகு 10க்கு 1+9, 3+7, 4+6 எல்லாம் விழுந்து 2+8 மட்டும் நிற்கும். 7க்கு 2+5, 3+4 விழுந்து 1+6 நிற்கும். 45 தந்தது ஒரு இலக்கம்தான், பெட்டியைத் திறந்தது இந்த இரட்டை 12. ஒரே பெட்டியில் ஒரே தொகையுள்ள இரண்டு கூடுகளைக் கண்டால் விடாதீர்கள்.

அடுத்து நிரை 1. 1-4, 1-5, 1-6 சேர்ந்த கூடு 10. 1-7, 1-8 சேர்ந்தது 11. 1-9 கீழே 2-9 உடன் சேர்ந்து 12. முழுதாக நிரைக்குள் இருப்பவை 7 + 10 + 11 = 28. மிஞ்சும் 1-1, 1-9 இரண்டுக்கும் சேர்த்து 17. அது 8+9 மட்டுமே. 1-1 ஏற்கெனவே 2 அல்லது 8, ஆகவே அது 8. அப்படியானால் 2-1 என்பது 2, 1-9 என்பது 9, 2-9 என்பது 3. நிரை 1இல் 1, 6, 8, 9 போனதால் நடுவிலுள்ள 10 கூட்டுக்கு 2, 3, 5தான். 11 கூட்டுக்கு 4, 7.

மூன்றாவது பெட்டியில் 2-7, 2-8 சேர்ந்த கூடு 7. 3-7, 3-8, 3-9 மூன்றும் வெளியே 4-9ஐயும் இழுத்துக்கொண்டு 16. பெட்டியைத் தொடும் கூடுகள் எல்லாம்

11 + 12 + 7 + 16 = 46

ஒன்று கூட, ஆகவே 4-9 என்பது 1. 7 கூட்டுக்கு 3+4 முடியாது, இரண்டும் பெட்டியில் போய்விட்டன. 2+5உம் முடியாது, நிரை 2இல் 2 இருக்கிறது. 1+6 எழுதினால் கீழ் நிரைக்கு 2, 5, 8 மிஞ்சும், கூட்டினால் 15, சரி.

நடுப்பெட்டியில் 1-4 தொடங்கும் 10 கூட்டோடு, நிரல்வழியே 5, 13, 17 என்று மூன்று சோடிகள். கூட்டினால் சரியாக 45, ஒன்றும் மிஞ்சாது, நீளாது. இப்படிப்பட்ட பெட்டியில் இந்த வழி எதுவும் தராது, அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆனால் நிரைகள் தரும். நிரை 3இல் 5 மூன்றாவது பெட்டிக்குப் போனதால் முதல் பெட்டியின் 5 நிரை 2இல், 7 நிரை 3இல். நிரை 2இல் 3 இருப்பதால் முதல் பெட்டியின் 3 நிரை 3இல், 9 நிரை 2இல். எனவே நடுப்பெட்டியில் நிரை 2க்கு 4, 7, 8. நிரை 3க்கு 1, 6, 9. 5 கூடு மேலே 4 கீழே 1, 13 கூடு மேலே 7 கீழே 6, 17 கூடு மேலே 8 கீழே 9 என்று விழுந்துவிடும்.

இதே இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. மூன்று நிரைகளையும் ஒன்றாக எடுத்தால் கூடுகளின் மொத்தம் 139. 135 கழித்தால் வெளியே நீளும் 4-1, 4-9 இரண்டுக்கும் 4. இரண்டும் ஒரே நிரையில் இருப்பதால் 2+2 வராது, 1+3 என்று துணிந்து எழுதலாம். ஆனால் நீளும் கட்டங்கள் வேறு வேறு நிரை, நிரல், பெட்டியில், வேறு கூடுகளில் இருந்தால், உதாரணமாக முதல் பெட்டியிலிருந்து நீள்பவை 4-2உம் 2-4உம் என்றால், 2+2 தாராளமாக வரலாம். சோடி என்றாலே வேறு வேறு இலக்கம் என்று கை பழகிவிடும், அதனால்தான் இந்தப் பிழை நடக்கிறது. மிஞ்சும் அல்லது நீளும் கட்டங்கள் நான்கைத் தாண்டினால் இன்னொரு சங்கடம். ஐந்து கட்டத்துக்கு 15ஓ 35ஓ போலத் தொகை ஓரத்தில் நின்றால் ஒழிய வழிகள் ஏராளமாகிவிடும். அந்த நிரையை விட்டு, பக்கத்து நிரையையும் சேர்த்து 90 ஆகப் பார்ப்பது மேல்.

முதல் பெட்டியில் 3+9 நிரல் 2இலா நிரல் 3இலா என்பது இன்னும் தீரவில்லை. மேலேயுள்ள கூடுகள் அதற்கு உதவாது. நிரல் 1இன் 3 நான்காவது பெட்டியில் விழுந்துவிட்டதால், கீழே ஏழாவது பெட்டியின் 3 நிரல் 2 அல்லது 3இல்தான் இருக்க வேண்டும். அது நிரல் 2இல் என்று தெரிந்தால் 9உம் 3உம் நிரல் 3க்கு, 5உம் 7உம் நிரல் 2க்கு. ஆகவே அடுத்துக் கூட்ட வேண்டியது ஏழாவது பெட்டியை.