வீடு மாற மூன்று நாள் லீவு கேட்ட கதை

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். கணபதியிலிருந்து துடியலூருக்கு ஆகஸ்ட் கடைசிக்குள் வீடு மாற வேண்டியிருந்தது. ஆடி முடியட்டும் என்று அம்மா காத்திருந்து, காலண்டரைப் பார்த்து 20, புதன்கிழமை என்று சொல்லிவிட்டார். கணக்குத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும், 20 என்றால் மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசி நாள்.

முதலில் டீ நேரத்தில் மேனேஜரிடம், "சார், இருபதாம் தேதி வாக்கில் நாலு நாள் லீவு வேணும், வீடு மாறுறோம்" என்று கேட்டேன். "பார்க்கலாம்மா" என்றார். அவர் மேல் தப்பில்லை. எந்த நாள், அந்த நாளில் என்ன வேலை நிற்கும் என்று எதுவுமே சொல்லாமல் கேட்டால் யாராலும் சரி என்று சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் பால் காய்ச்சுவதும் சாமான் ஏற்றுவதும் ஒரே நாளில் நடக்க வேண்டியதில்லை என்பது உறைத்தது. 20ஆம் தேதி காலையில் பால் காய்ச்சிவிட்டு இரண்டு மணி நேர பர்மிஷனில் ஆபீஸ் போய்விடலாம். லாரி அப்புறம் வரட்டும். முதலில் வெள்ளி, சனி, திங்கள் என்று நினைத்திருந்தேன், ஆனால் எங்கள் கம்பெனியில் இரண்டு லீவுக்கு நடுவில் வரும் ஞாயிறையும் லீவாகக் கழித்துவிடுவார்கள், மூன்று நாள் நாலாகிவிடும். வியாழன், வெள்ளி, சனி எடுத்தால் ஞாயிறு கடைசியில் போய் நிற்கும், கழியாது. மூட்டை கட்ட வியாழன், லாரிக்கு வெள்ளி, பழைய வீட்டு ஓனர் ஊரிலிருந்து வந்து ஈபி மீட்டர் ரீடிங் பார்த்து, அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்து, சாவி வாங்கிக்கொள்ள சனி. எனக்குத் தேவைப்பட்டதும் அந்த மூன்று நாள்தான்.

ஆகஸ்ட் 4ஆம் தேதி மெயில் போட்டேன். அதில் இருந்தது இவ்வளவுதான்:

"சார், வீடு மாறுவதால் ஆகஸ்ட் 21, 22, 23 மூன்று நாளும் இ.எல். தேவை. 20 காலை இரண்டு மணி நேரம் பர்மிஷன். 25 திங்கள் காலை வந்துவிடுவேன். 3பி-ஐ 18ஆம் தேதியே முடித்துவிடுகிறேன். 22 வெள்ளி சப்ளையர் பேமெண்ட்டை, நீங்கள் சரி என்றால், பக்கத்து சீட் அக்கா பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். 14ஆம் தேதி அவரை வைத்தே ஒரு முறை செய்து பார்க்கிறோம்."

அன்று மாலையே ஓகே வந்துவிட்டது. 18 என்று துணிந்து எழுதக் காரணம், கொள்முதல் விவரம் வரும் 2பி அறிக்கை 14ஆம் தேதியே போர்ட்டலில் வந்துவிடும், அதற்குப் பிறகு ஒத்துப் பார்க்க எனக்கு இரண்டு நாள் போதும்.

பேமெண்ட்தான் பெரிய வேலை. பேங்க் லாகின் என் பெயரில், ஓடிபி என் போனுக்கு வரும். பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்துவிட்டு, லாரியில் பீரோ ஏறும் நேரத்தில் ஓடிபி வாசித்துக்கொண்டிருப்பது சரியே இல்லை, பின்னால் ஏதாவது தவறு நடந்தால் யார் செய்தது என்றும் தெரியாது. அக்காவுக்குத் தனியாக ஒரு லாகின் கேட்டு, எம்.டி. கையெழுத்தோடு விண்ணப்பம் கொடுத்தோம். அது வர ஒரு வாரம் ஆனது.

15 சுதந்திர தினம் என்பதால் அந்த வாரப் பேமெண்ட் வியாழன் 14ஆம் தேதியே. அக்கா தன் சிஸ்டத்தில் தன் லாகினில் செய்ய, நான் மௌஸைத் தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது பேமெண்ட் போகவில்லை. புது லாகினுக்கு ஒரு லட்சம் என்று வரம்பு வைத்திருந்தார்கள், வார்ப்புக்காரரின் பில் அதைத் தாண்டியது. பேங்கில் சொல்லி வரம்பை ஏற்றினோம். இது 22ஆம் தேதி தெரிந்திருந்தால் வார்ப்புக்காரருக்குத் திங்கள்தான் பணம் போயிருக்கும்.

என் வேலைகளை எப்படிச் செய்வது என்று ஒரு தாளில் எழுதி அக்காவிடம் கொடுத்திருந்தேன். லீவில் ஒரே ஒரு போன் வந்தது. வெள்ளி மதியம், சமையல் சாமான் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தோம். "லாரிக்காரர் பில்லுக்கு 'வழக்கம்போல்'னு எழுதியிருக்கியே, வழக்கம் என்னன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? டிடிஎஸ் பிடிக்கணுமா?" என்று கேட்டார் அக்கா. பிடிக்கக் கூடாது. கம்பெனிச் சரக்கு ஏற்றும் அந்த லாரிக்காரரிடம் பத்து லாரிக்கு மேல் இல்லை, அப்படி உறுதிமொழியும் பான் எண்ணும் கொடுத்திருக்கிறார், அது சிவப்பு ஃபைலில் இருக்கிறது. இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ஆனால் அக்கா கேட்காமல் பிடித்திருந்தால் அடுத்த வாரம் லாரிக்காரருக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

திங்கள் காலை வந்து உட்கார்ந்ததும் அந்தத் தாளை எடுத்து, 'வழக்கம்போல்' என்று இருந்த இடங்களைத் தேடினேன். ஐந்து இருந்தன. ஒவ்வொன்றையும் அடித்துவிட்டு, எந்த ஃபைல், எத்தனை சதவீதம், யாரிடம் கேட்பது என்று எழுதி அக்காவிடமே திருப்பிக் கொடுத்தேன். அக்டோபரில் அவர் ஊருக்குப் போகிறார், அவருடைய தாள் இப்போது என் மேஜையில் இருக்கிறது.