நேர்காணலுக்கு முன்பே "எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?"

மண்டபம் பக்கம் ஒரு கடல் உணவு ஏற்றுமதி ஆலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்துவந்தேன். கணவாயும் இறாலும் வந்து இறங்குவதிலிருந்து உறைநிலை அறைக்குப் போவது வரை வெப்பநிலை, எடை, ஆய்வக மாதிரி எல்லாம் என் பொறுப்பு. தூத்துக்குடியில் இதே வேலைக்கு ஆள் தேடுவதாக ஒரு கன்சல்டன்சியிலிருந்து அழைப்பு வந்தது. என் படிப்பைப் பற்றி அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். அதன்பின் வரிசையாக மூன்று: நிறுவனம் எனக்காகச் செலவிடும் மொத்தமான சி.டி.சி. இப்போது எவ்வளவு, எதிர்பார்ப்பு எவ்வளவு, நோட்டீஸ் காலம் எவ்வளவு.

அப்பாவிடம் சொன்னபோது, "சரக்கைப் பார்க்காமல் எவனாவது விலை பேசுவானா?" என்றார். வள்ளத்தில் போய் வந்து கரையில் நண்டு விற்றவர் அவர். வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்த ஆண்டுகளில், சரக்கைப் பார்த்த பிறகும் வியாபாரி சொன்னதே விலை என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் என்னை அழைத்தவர் வியாபாரி அல்ல, தரகர். சரக்கை மதிப்பிடுவது அவர் வேலையே இல்லை. அவரிடம் ஓர் எக்செல் தாள் இருக்கிறது. அதில் என் பெயருக்கு நேராக மூன்று கட்டங்கள் காலியாக இருக்கின்றன. அவை நிரம்பாமல் என் சுயவிவரம் ஆலையின் மனிதவளத் துறைக்குப் போகாது. ஆகவே "நேர்காணலுக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்" என்று மட்டும் சொல்லி நின்றுவிட்டால், பெரும்பாலும் நம் வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள்.

தரகருக்கு என்ன லாபம் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. நம் நாட்டில் கன்சல்டன்சிகளுக்கு நிறுவனம் தரும் கட்டணம் பெரும்பாலும் ஆண்டுச் சம்பளத்தில் குறிப்பிட்ட சதவீதம். 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், என்பது பரவலாக உள்ள விகிதம். நம் சம்பளம் ஐம்பதாயிரம் கூடினால் அவருக்குக் கூடுவது நான்காயிரத்துச் சொச்சம்தான். நாம் கடைசி நேரத்தில் வரமாட்டேன் என்றால் மொத்தமும் போய்விடும். அதனால் அவர் நம் எதிரி இல்லை. சம்பளத்தைக் கூட்டுவதைவிட வேலையை முடிப்பதில்தான் அவருக்கு அக்கறை. "கொஞ்சம் குறைத்துச் சொல்லுங்கள் மேடம், உறுதியாகக் கிடைக்கும்" என்பது எங்கிருந்து வருகிறது என்று இதிலிருந்து விளங்கும்.

அன்று தொலைபேசியில் எண் எதுவும் சொல்லவில்லை. மாலைக்குள் மின்னஞ்சலில் அனுப்புவதாகச் சொல்லி, எழுதி வைக்கத் தோதாக இரண்டு விவரம் கேட்டேன்: இரவுப் பணி உண்டா, தங்க இடம் தருவார்களா. தெரியவில்லை என்றார். பிறகு, "இந்தப் பணிக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள்?" என்று கேட்டேன். "தகுதியைப் பொறுத்து" என்றார். இப்படிப் பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும். கேள்வியை மாற்றினேன். "நான்கு லட்சத்துக்குள் முடிக்கிற பணியா சார், அல்லது ஆறு வரை போவார்களா? நான்குக்குள் என்றால் உங்கள் நேரமும் வீணாக வேண்டாம்." சற்று யோசித்துவிட்டு, "ஆறு கஷ்டம். ஐந்தரை வரை பேசலாம்" என்றார். எனக்கு வேண்டியது அதுதான். இரண்டு எண்களைச் சொல்லி நடுவில் எங்கே என்று கேட்டால் மனிதர்கள் திருத்திச் சொல்லாமல் இருப்பதில்லை.

அடுத்த வேலை கணக்கு. என் சம்பளச் சீட்டில் மொத்தம் 24,000 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளம் 12,000. வருங்கால வைப்பு நிதிக்கு என் பங்கு 12 சதவீதம், 1,440. கைக்கு வருவது 22,560. நிறுவனம் தன் பங்காகக் கட்டும் 1,440-ஐயும், பணிக்கொடைக்கு ஒதுக்கும் 577-ஐயும் (அடிப்படையில் 4.81 சதவீதம்) சேர்த்தால் மாதம் சுமார் 26,000, ஆண்டுக்கு 3.12 லட்சம். அந்தப் பணிக்கொடை பொதுவாக ஐந்தாண்டு பணி முடித்தால்தான் கைக்கு வரும் என்றாலும் சி.டி.சி.யில் முதல் மாதத்திலிருந்தே அது உட்கார்ந்திருக்கும்.

தூத்துக்குடி போனால் அறை வாடகை 5,500, சாப்பாடு 5,000, ஊருக்கு வந்து போக ஆயிரத்துச் சொச்சம் என்று மாதம் 12,000 கூடுதல் செலவு. இப்போது வீட்டில் இருக்கிறேன். மதியச் சாப்பாடும் வேனும் ஆலை தருகிறது. இவை எந்தச் சம்பளச் சீட்டிலும் வராது.

"வழக்கமாக முப்பது சதவீத உயர்வுதான் கொடுப்பார்கள்" என்று தரகர் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார். போட்டுப் பார்த்தேன். 3.12-க்கு முப்பது சதவீதம் கூட்டினால் 4.06 லட்சம், மாதம் 33,800. நிறுவனத்தின் வைப்பு நிதிப் பங்கை, சட்ட வரம்பான 15,000 ரூபாய்க்கு மட்டும் கணக்கிட்டு 1,800 என்று வைத்துக்கொள்வோம். பணிக்கொடைக்கு 750. மிஞ்சும் மொத்தச் சம்பளம் சுமார் 31,250. அதிலிருந்து என் பங்கு 1,800 போனால் கைக்கு 29,450. வெளியூர்ச் செலவு 12,000 போக 17,450. முப்பது சதவீத உயர்வு என்ற பெயரில் மாதம் ஐந்தாயிரம் ரூபாய் குறைவாகச் சம்பாதிக்கத் தூத்துக்குடி போக வேண்டுமாம்!

சதவீதத்தை விட்டுவிட்டுக் கைக்கு வரும் பணத்திலிருந்து பின்னோக்கிப் போனேன். இப்போதைய நிலை கெடாமலிருக்கவே 35,000 கைக்கு வர வேண்டும். அதற்கு மொத்தச் சம்பளம் 36,800. நிறுவனப் பங்கும் பணிக்கொடையும் சேர்த்தால் மாதம் 39,500, ஆண்டுக்கு 4.75 லட்சத்துக்குச் சற்றுக் கீழே. தங்குமிடம் தராத வேலை என்றால் இதற்குக் கீழே இறங்குவதில்லை என்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன். இந்த எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது. சொன்ன மறுநிமிடம் அதுவே உச்சவரம்பாகிவிடும்.

இப்போதைய சம்பளத்தைச் சொல்லாமல் மறைக்கலாமே என்று இணையத்தில் அறிவுரை கிடைக்கும். அதில் பாதி அமெரிக்காவிலிருந்து வருவது. கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில் பழைய சம்பளத்தைக் கேட்பதையே சட்டம் தடுத்திருக்கிறது. அங்கே 2018 முதல் அப்படி. நம் ஊரில் அப்படியொரு சட்டம் இல்லை. மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கேட்பார்கள். கூட்டிச் சொன்னால் வைப்பு நிதிப் பாஸ்புக்கே காட்டிக்கொடுத்துவிடும்: மாதம் 1,440 என்று இருந்தால் அடிப்படை 12,000 என்று வகுத்தறிய ஒரு நிமிடம் ஆகாது. ஆகவே உள்ளதைச் சொல்லிவிட்டு, புதிய எண்ணை அதிலிருந்து பிரித்து வைப்பதுதான் வழி.

எங்கள் கடற்கரைக்கென்று ஒரு சிக்கலும் இதில் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஆலையில் வரத்து வற்றிவிடும். கூடுதல் நேரப் பணமும் உற்பத்தி ஊக்கத்தொகையும் நின்றுவிடும். எனக்கு அழைப்பு வந்தது ஜூலையில். கடைசி மூன்று சம்பளச் சீட்டுகளும் ஆண்டிலேயே மெலிந்தவை. அவற்றை மட்டும் அனுப்பினால் மற்ற மாதங்களில் வந்த ஊக்கத்தொகை இல்லாதது போலவே ஆகிவிடும். அதனால் ஓராண்டு வங்கிக் கணக்குப் பட்டியலில் சம்பள வரவுகளை மட்டும் குறியிட்டு உடன் வைத்தேன். ஊக்கத்தொகையைச் சி.டி.சி.யோடு கலக்காமல் தனி வரியாகக் காட்டினேன். கலந்து காட்டியிருந்தால் சம்பளச் சீட்டோடு பொருந்தவில்லை என்று சந்தேகம்தான் வரும்.

மின்னஞ்சலில் எழுதியது இவ்வளவே:

"இப்போதைய நிலையான சி.டி.சி. 3.12 லட்சம், ஊக்கத்தொகை தனி (இணைப்பில் காண்க). இப்பணி வெளியூரில் என்பதாலும் பொறுப்பின் அளவைக் கொண்டும் என் எதிர்பார்ப்பு, நிலையான சம்பளமாக ஆண்டுக்கு 5 முதல் 5.5 லட்சம். இரவுப் பணி, தங்குமிடம் பற்றி நேர்காணலில் அறிந்தபின் இறுதி செய்யலாம்."

வரம்பாகச் சொன்னால் கேட்பவர் கண் கீழ் எண்ணில்தான் நிற்கும். ஆகவே கீழ் எண்ணான ஐந்து, என் அடிமட்டத்துக்கு மேலே கால் லட்சம் இடம் விட்டு வைத்தது. மேல் எண் அவர் வாயால் வந்தது. "நிலையான" என்ற சொல்லை வேண்டுமென்றே போட்டேன். அதன் பயன் பின்னால் தெரிந்தது. தரகர் உடனே அழைத்து, "ஐந்து என்று ஒரே எண்ணாகப் போட்டுவிடட்டுமா?" என்றார். "ஐந்து நிலையானது, தங்குமிடம் தெரிந்தபின் இறுதி" என்று குறிப்போடு போடுங்கள் என்றேன். கட்டத்தில் அவ்வளவு எழுத இடமில்லை என்று அலுத்துக்கொண்டார். அந்த மின்னஞ்சலையே மனிதவளத் துறைக்கும் அனுப்பிவிடும்படி கேட்டுக்கொண்டேன். அனுப்பினார்.

நேர்காணல் வேலையைப் பற்றியதாகவே இருந்தது. உறைநிலை அறையின் மின்சாரம் இரவில் போனால் முதலில் எதைப் பார்ப்பாய் என்பது போன்ற கேள்விகள். சம்பளம் கடைசி ஐந்து நிமிடம்தான். வந்த கடிதத்தில் 5.04 லட்சம் என்றிருந்தது. பிரித்துப் பார்த்தால் அதில் 36,000 செயல்திறன் ஊக்கத்தொகை, ஆண்டு முடிவில், நிறுவனத்தின் விருப்பப்படி. நிலையானது 4.68 லட்சம், கைக்கு 34,500 அளவில். மின்னஞ்சலை மேற்கோள் காட்டி, நான் கேட்டது நிலையான ஐந்து என்று எழுதினேன். மனிதவள அதிகாரி, "இந்தப் பணிக்கு அதற்கு மேல் நிலையானதாக ஏற முடியாதம்மா. ஆனால் குடியிருப்பில் இடம் தருகிறோம், வாடகை இல்லை" என்றார்.

வாடகை இல்லையென்றால் 5,500 மிச்சம். அப்படியானால் என் அடிமட்டமே 29,500-க்கு இறங்குகிறது. கைக்கு வருவதோ அதைவிட ஐந்தாயிரம் அதிகம். ஊக்கத்தொகை வந்தால் வரட்டும், கணக்கில் சேர்க்கவில்லை. சம்மதித்தேன். ஆனால் குடியிருப்பு பற்றிப் பணி நியமனக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதை எழுதித் தரும்வரை இங்கே ராஜினாமா கொடுக்கவில்லை. இரண்டாவது கடிதத்தில் "இலவசப் பகிர்வுக் குடியிருப்பு, பணிக்காலம் முழுவதும்" என்று வந்தது. அதன் பிறகே நோட்டீஸ் கொடுத்தேன்.